அசையும் போட்டோவில் எந்தப் படத்தைக் கருவி வாசிக்கிறது?

போட்டோவில் இருக்கும் எழுத்தையும் இலக்கத்தையும் எடுத்துத் தரும் கருவிகள் இப்போது எல்லார் கையிலும் இருக்கின்றன. ஊரில் ஒரு பட்டியல் போடுவதென்றால் முன்னர் ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதுவார். இப்போது அட்டையைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்கிறோம், கருவி இலக்கத்தை எடுத்து நிரலில் போட்டுவிடுகிறது. வேலை இலகுதான். ஆனால் பெற்றோர் அனுப்பும் போட்டோக்களில் பாதிக்கு மேல் இப்போது வெறும் போட்டோ இல்லை. அவற்றைத் தொட்டுப் பிடித்தால் அசைகின்றன. இந்த அசையும் போட்டோவைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள். பிள்ளைகளின் அடையாள அட்டை இலக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

ஐபோனில் இதற்கு லைவ் போட்டோ என்று பெயர். 2015இல் வந்த ஐபோன் 6எஸ் மொடலோடு அறிமுகமானது. நாம் பட்டனை அழுத்தும்போது போன் ஒரு படத்தை முழு அளவில் எடுக்கிறது. அதோடு, அழுத்துவதற்கு முன்னரான ஒன்றரை வினாடியையும் பின்னரான ஒன்றரை வினாடியையும் சின்ன வீடியோவாகச் சேர்த்து வைக்கிறது. கமெரா திறந்திருக்கும்போதே அது பதிந்துகொண்டிருப்பதால்தான் அழுத்துவதற்கு முன்னர் நடந்ததும் கிடைக்கிறது. நமக்குக் கலரியில் ஒரே படமாகத்தான் தெரியும். உண்மையில் அங்கே இருப்பவை இரண்டு: ஒரு நிலைப்படம், ஒரு மூன்று வினாடி வீடியோ.

சம்சுங், பிக்சல் போன்ற அன்ட்ரொய்ட் போன்களில் மோஷன் போட்டோ என்பார்கள். அங்கே இரண்டு பைல் இல்லை. ஒரே .jpg பைலின் முன்பகுதியில் நிலைப்படமும் அதன் வாலில் வீடியோவும் ஒட்டியிருக்கும். சாதாரண போட்டோவை விட அந்தப் பைல் பாரமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இனி விஷயத்துக்கு வருவோம். படம் வாசிக்கும் கருவிக்கு லைவ் போட்டோ போகும்போது வழக்கமாக நிலைப்படம் மட்டுமே போகிறது. வீடியோப் பகுதி போனிலேயே தங்கிவிடும். அன்ட்ரொய்ட் பைலாக இருந்தால் வீடியோவும் கூடவே போகும், ஆனால் கருவி நிலைப்படம் முடியும் இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிடும். வாலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அதாவது நமக்குக் கிடைத்த மூன்று வினாடியில் கருவி பார்ப்பது ஒரே ஒரு கணத்தை. ஐபோன் அந்தக் கணத்தை "Key Photo" என்று சொல்கிறது. நாம் முதன்மைப் படம் என்று வைத்துக்கொள்வோம்.

இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். நமது கண்ணுக்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசம்தான் சிக்கல். நாம் படத்தில் விரலை வைத்து அசைத்துப் பார்க்கிறோம். முதல் அரை வினாடியில் ஒரு இலக்கம் தெளிவாக இருக்கும், அடுத்த வினாடியில் இன்னொன்று தெளியும். நமது மூளை எல்லாவற்றையும் சேர்த்து "முழுசும் விளங்குது" என்று முடிவு கட்டிவிடும். கருவிக்கு அந்தச் சேர்க்கை கிடையாது. அதன் முன்னால் இருப்பது ஒரு படம். அந்தப் படத்தில் ஒரு இலக்கத்தின் மேல் வெளிச்சம் விழுந்திருந்தால், மிச்சமாகத் தெரியும் கோடுகளை வைத்து ஏதோ ஒரு இலக்கத்தைச் சொல்லிவிடும். பல நேரங்களில் சந்தேகம் என்றுகூடச் சொல்லாது.

இதை நான் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்கிறேன். பிள்ளையின் பெயரும் முழு இலக்கமும் வேண்டாம்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கான ஒரு உதவித் திட்டத்துக்குப் பட்டியல் தயாரானது. பட்டியலில் பெயரை விட அடையாள அட்டை இலக்கம்தான் முக்கியம். இலக்கம் பிழைத்தால் அந்தப் பிள்ளையின் கொடுப்பனவு நின்றுவிடும். பெற்றோர் அட்டையின் போட்டோவை அனுப்பினார்கள், இரண்டு இளைஞர்கள் அதைக் கருவியில் ஏற்றி இலக்கங்களை எடுத்தார்கள். சரிபார்க்கும் வேலை எனக்கு.

ஒரு மாணவியின் வரிசையில் இலக்கம் 2008533 என்று தொடங்கியது. பக்கத்தில் எழுதியிருந்த பிறந்த திகதி 2008 மார்ச் 23. இரண்டும் ஒத்துவரவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன், இது உங்கள் வீட்டிலும் உதவும்.

புதிய அடையாள அட்டை இலக்கத்தில் 12 இலக்கங்கள் உண்டு. முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண் பிள்ளையாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். மிச்சம் ஐந்தும் தொடர் இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும். நாளை எண்ணும்போது எந்த ஆண்டாக இருந்தாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு.

மார்ச் 23ஐ எண்ணிப் பாருங்கள். ஜனவரி 31, பெப்ரவரி 29, இரண்டும் 60. அதோடு 23 சேர்த்தால் 83. பெண் பிள்ளை என்பதால் 500 கூட்ட 583. ஆகவே இலக்கம் 2008583 என்று தொடங்க வேண்டும். கருவி தந்ததோ 533. அதில் 500ஐக் கழித்தால் 33, அது பெப்ரவரி 2. எட்டு ஒன்று மூன்றாகிவிட்டது.

உம்மாவுக்குக் கோல் எடுத்தேன். "சேர், போட்டோ நல்லா விளங்குதே. நான் பிடிச்சுப் பார்த்தன், எட்டுதான்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. வாப்பா கட்டாரில் இருந்து அனுப்பிய ஐபோன், லைவ் போட்டோ எப்போதும் வேலை செய்யும் நிலையில் இருந்தது. அட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எடுத்திருக்கிறார். மேலே டியூப் லைட். பட்டனை அழுத்திய கணத்தில் அட்டையின் பிளாஸ்டிக்கில் லைட்டின் வெள்ளைக் கோடு சரியாக அந்த எட்டின் இடது பக்கத்தில் விழுந்திருந்தது. எட்டின் இடது பக்கத்தை மறைத்துவிட்டால் மிஞ்சுவது மூன்று. அரை வினாடி கழித்துக் கை கொஞ்சம் ஆடியதும் அந்த வெள்ளைக் கோடு கீழே நகர்ந்து எட்டு முழுதாகத் தெரிந்தது. உம்மா பார்த்தது அந்த அரை வினாடிக்குப் பிந்திய படம். கருவி பார்த்தது அழுத்திய கணத்தின் படம்.

பளபளப்பான அட்டை, லமினேட் பண்ணிய சான்றிதழ், போன் திரை, கண்ணாடி போட்ட சட்டகம் எல்லாவற்றிலும் இது நடக்கும். வெளிச்சக் கோடு கைக்கு ஏற்ப நகர்ந்துகொண்டே இருக்கும். அசையும் போட்டோ அந்த நகர்வை நமக்குக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

வீட்டில் மூத்த மகனுக்கு விஷயம் விளங்கியது. முதன்மைப் படத்தை மாற்றலாம் என்று அவருக்குத் தெரியும். முறை இதுதான்: போட்டோவைத் திறந்து "Edit" அழுத்த வேண்டும். லைவ் அடையாளமான வட்டத்துக்குள் வட்டத்தைத் தொட்டால் கீழே ஒரு வரிசையில் சின்னச் சின்னப் படங்கள் வரும். விரலால் இழுத்து நல்ல இடத்தில் நிறுத்தினால் "Make Key Photo" என்று கேட்கும். அதை அழுத்தி "Done" கொடுத்தால் சரி. கமெரா முதலில் தெரிவுசெய்த படம் எது என்று ஒரு சின்னப் புள்ளியும் அந்த வரிசையில் காட்டும். அவர் அப்படியே செய்தார், கலரியில் இப்போது எட்டு தெளிவாகத் தெரிந்தது.

போனில் டேட்டா முடிந்திருந்ததால் வயர் போட்டுக் கம்பியூட்டருக்குப் படத்தை எடுத்து, அங்கிருந்து இளைஞர்களுக்கு அனுப்பினார். கருவி திரும்பவும் 533 என்றது.

எல்லாரும் குழம்பிப் போனார்கள். "மாத்தினதுக்குப் பிறகும் எப்படி சேர்?" என்று மகன் கேட்டார். காரணம் பைலில் இருந்தது. ஐபோன் மூலப்படத்தை ஒருபோதும் அழித்து எழுதுவதில்லை. நாம் செய்யும் மாற்றத்தைத் தனியே வைத்துக்கொள்ளும். கம்பியூட்டரில் அந்த ஒரே போட்டோ பல பைலாக வந்து நிற்கும். உதாரணமாக:

```
IMG_2217.HEIC
IMG_2217.MOV
IMG_2217.AAE
IMG_E2217...
```

முதலாவது மூலப்படம், அழுத்திய கணத்தில் எடுத்தது. இரண்டாவது அந்த மூன்று வினாடி வீடியோ. மூன்றாவது என்ன மாற்றம் செய்தோம் என்ற குறிப்பு. E எழுத்தோடு வருவதுதான் மாற்றம் செய்த படம். போனின் அமைப்பைப் பொறுத்து .HEIC இருக்கும் இடத்தில் .JPG இருக்கலாம், ஆனால் E எழுத்தின் பொருள் மாறாது. மகன் வழக்கமான பெயருள்ள முதலாவதை எடுத்து அனுப்பிவிட்டார். போன் திரையில் அவர் பார்த்தது ஒன்று, பைலாகப் போனது இன்னொன்று.

போனில் இருந்தே நேரடியாகப் பகிர்ந்தால் மாற்றிய முதன்மைப் படம்தான் போகும். வயர் வழியாக எடுத்தால் E எழுத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்தாலே பாதித் தலையிடி குறையும்.

அந்த .MOV பைலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் கம்பியூட்டரில் அதைத்தான் போட்டோ என்று நினைத்து அனுப்பிவிடுகிறார்கள். படம் மட்டும் வாசிக்கும் கருவி அதை ஏற்காது. வீடியோவையும் ஏற்கும் கருவி என்றால் அதிலிருந்து ஏதோ சில பிரேம்களை எடுக்கும், எதை எடுக்கும் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். முதல் பிரேமை எடுத்தால் அது பட்டனை அழுத்துவதற்கு ஒன்றரை வினாடி முந்தியது. அந்த நேரத்தில் போன் இன்னும் அட்டைக்கு நேரே வந்திருக்காது. மேசையும் தரையும்தான் அதில் இருக்கும்.

சரி, E பைலை அனுப்பியதும் என்ன ஆனது? இப்போது 583 என்று சரியாக வந்தது. பிறந்த திகதியும் ஒத்துப்போனது. பட்டியல் போட்ட இளைஞர்கள் சந்தோஷப்பட்டார்கள். நான் அட்டையைக் கொண்டுவரச் சொல்லி மிச்சம் ஐந்து இலக்கங்களையும் கண்ணால் பார்த்தேன். அதில் ஒரு ஆறு எட்டாகியிருந்தது. முதல் படத்தில் அந்த ஆறு ஆறாகவே வந்தது!

இதற்கும் காரணம் உண்டு, அது அதிர்ஷ்டம் சார்ந்தது இல்லை. முதன்மைப் படத்தை மாற்றும்போது நாம் புதிதாக எடுப்பது வீடியோவுக்குள் இருக்கும் ஒரு பிரேம். அது நிலைப்படத்தைப் போல முழு அளவில் எடுத்தது இல்லை. 12 மெகாபிக்சல் ஐபோன் நிலைப்படத்தில் 4032 × 3024 புள்ளிகள் உண்டு. நான் பார்த்த பழைய மொடல்களின் லைவ் வீடியோ 1440 × 1080 அளவானது. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. நிலைப்படத்தில் ஒரு இலக்கம் 40 புள்ளி உயரமாக இருந்தால் வீடியோ பிரேமில் அது 14 புள்ளிதான். ஆறுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் வலது மேல் மூலையில் ஒரு சின்ன இடைவெளி. 40 புள்ளியில் அந்த இடைவெளி தெரியும். 14 புள்ளியில் அது மூடிக்கொள்ளும். பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சேமித்தாலும் இல்லாத இடைவெளி திரும்ப வராது.

ஆக அந்தப் பிள்ளையின் போட்டோவில் இரண்டு நிலை இருந்தது. அழுத்திய கணத்தின் படம் நுணுக்கமானது, ஆனால் ஒரு இலக்கத்தில் வெளிச்சம். பின்னைய பிரேமில் வெளிச்சம் இல்லை, ஆனால் நுணுக்கம் குறைவு. இரண்டும் சேர்ந்தால் சரியான இலக்கம் கிடைக்கும். ஆனால் கருவிக்கு ஒன்றைத்தான் கொடுக்க முடியும்.

பெரிய எழுத்துக்குப் பிரேமை மாற்றுவது போதும். கடைப் பெயர்ப்பலகை, வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிய தலைப்பு, இப்படியானவை தப்பிவிடும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு, பெறுபேற்றுத் தாள் என்று சின்ன இலக்கம் உள்ள எதற்கும் அந்த வழியை நம்ப வேண்டாம். திரும்ப எடுப்பதே சரி.

திரும்ப எடுத்தோம். அட்டையைக் கையில் பிடிக்காமல் மேசையில் வைத்தோம். லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனோம், வெயில் நேரே விழாத நிழலில். கமெராவின் மேலே இருக்கும் லைவ் அடையாளத்தைத் தொட்டு நிறுத்தினோம், அதன் மேல் ஒரு கோடு விழுந்தது. அட்டை திரையின் அகலத்தை நிரப்பும் வரை போனைக் கிட்டே கொண்டுவந்து, தெளிந்ததும் ஒரே படம். கருவி 12 இலக்கத்தையும் சரியாகத் தந்தது. அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பட்டியலில் போட்டேன்.

லைவ்வை நிறுத்துவதால் நிலைப்படத்தின் நுணுக்கம் கூடிவிடாது. அது இரண்டு நிலையிலும் ஒன்றுதான். நிறுத்துவதன் பயன், நாம் பார்ப்பதும் கருவி பார்ப்பதும் ஒன்றாகிவிடுவது. அசைவு இல்லாதபோது அந்த வெள்ளைக் கோட்டை நாமே கண்டுவிடுவோம், உடனே திரும்ப எடுப்போம்.

ஒரு குறிப்பு: ஐபோனில் லைவ்வை ஒருமுறை நிறுத்தினாலும் அடுத்த முறை கமெராவைத் திறக்கும்போது அது தானாகத் திரும்பிவிடும். நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்க வேண்டுமென்றால் "Settings" போய், "Camera" எடுத்து, "Preserve Settings" என்பதற்குள் "Live Photo" என்ற ஆளியைப் போட்டு வையுங்கள். ஏற்கெனவே எடுத்த போட்டோவை நிலைப்படமாக மட்டும் பிரித்துக்கொள்ள வேண்டுமென்றால் "Duplicate" என்பதில் "Duplicate as Still Photo" உண்டு. அன்ட்ரொய்டில் கூகிள் போட்டோஸ் பாவிப்பவர்கள் "Export" என்பதில் "Still photo" எடுக்கலாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது தன் பங்குக்குப் படத்தைச் சுருக்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நல்ல படத்தை எடுத்துவிட்டு வழியில் தேய்த்துவிடக் கூடாது. அட்டை அனுப்பும்போது HD என்பதைத் தெரிவுசெய்யுங்கள், அல்லது "Document" ஆக அனுப்புங்கள்.

அடுத்தது தொடர் படம், அதாவது பேர்ஸ்ட். பட்டனைப் பிடித்தபடி அல்லது இழுத்துப் பிடித்தால் போன் வினாடிக்குப் பத்துப் படம் அளவில் சடசடவென்று எடுத்துத் தள்ளும். விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தைப் பிடிக்க நல்லது. சிலர் ஆவணத்துக்கும் இதைச் செய்கிறார்கள், பத்து எடுத்தால் ஒன்றாவது சரியாக இருக்கும் என்ற நினைப்பில். நினைப்பில் பிழையில்லை. லைவ் போட்டோவை விட இது ஒரு விதத்தில் மேல், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு படமும் வீடியோத் துண்டு இல்லை, தனியான போட்டோ.

ஆனால் கலரி அந்தப் பத்தையும் ஒரு கட்டாக்கி மேலே ஒன்றை மட்டும் காட்டும். கட்டை அப்படியே பகிர்ந்தால் பொதுவாக அந்த மேல்படம் மட்டுமே போகும். மேலே எதை வைப்பது என்று போன் தானே தீர்மானிக்கிறது. இப்படியான தெரிவுகள் ஆட்களைப் படம் பிடிப்பதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 2018இல் பிக்சல் 3 போனோடு கூகிள் கொண்டுவந்த நல்ல படம் தெரியும் வசதி கூட, கண் திறந்திருக்கிறதா, சிரிக்கிறாரா, படம் கலங்கியிருக்கிறதா என்பவற்றைத்தான் பார்த்தது. அட்டையின் ஏழாவது இலக்கத்தில் வெளிச்சம் விழுந்திருக்கிறதா என்று எந்தப் போனும் பார்ப்பதில்லை. ஐபோனில் அந்தக் கட்டைத் திறந்து "Select" அழுத்தி, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, நல்ல ஒன்றுக்குச் சரி போட்டுத் தனியே எடுத்து, அதை மட்டும் அனுப்ப வேண்டும். பத்தையும் சேர்த்து அனுப்பினால் கருவி பத்து விடை தரும், அதில் எது சரி என்று தேடும் வேலை நமக்கு.

உங்கள் போனிலிருந்து, நீங்கள் அனுப்பும் வழியில், எந்தப் பிரேம் போகிறது என்று யாரையும் கேட்காமலே கண்டுபிடிக்கலாம். தொழில்நுட்ப பாட வேளையில் பிள்ளைகளோடு செய்து பார்த்த பரிசோதனை இது. இன்னொரு போனில் நிறுத்தற் கடிகாரத்தை ஓடவிடுங்கள். லைவ்வைப் போட்டுக்கொண்டு, கடிகாரம் 10 வினாடியைத் தொடும்போது அதைப் படம் பிடியுங்கள். அசைத்துப் பார்த்தால் எட்டரையில் தொடங்கிப் பதினொன்றரை வரை ஓடும். அதை நீங்கள் வழக்கமாக அனுப்பும் வழியிலேயே கருவிக்கு அனுப்புங்கள். 10 என்று வந்தால் போனது அழுத்திய கணத்தின் படம். பிறகு முதன்மைப் படத்தை 9 வினாடிக்கு மாற்றித் திரும்ப அனுப்புங்கள். 9 என்று வந்தால் உங்கள் மாற்றம் போய்ச் சேர்கிறது. இன்னமும் 10 என்றே வந்தால் வழியில் எங்கோ மூலப்படம்தான் எடுபடுகிறது. எங்கள் வகுப்பில் போனிலிருந்து நேரே அனுப்பியவர்களுக்கு 9 வந்தது, வயர் போட்டு E இல்லாத பைலை எடுத்தவர்களுக்கு 10 வந்தது. ஒரு பிள்ளை, "அப்ப சேர், போன் ரெண்டையும் வெச்சிருக்கு, நாமதான் ஒண்டக் குடுக்கிறம்" என்றாள். நான் இவ்வளவு நீளமாக எழுதியதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கருவியைப் பற்றியது இல்லை, அனுப்பப்படும் ஆளைப் பற்றியது. லைவ் போட்டோவின் வீடியோவில் சத்தமும் பதிகிறது. அசைவோடு போகும் வழியில் ஒருவருக்கு அனுப்பினால், ஒரு ஐபோனிலிருந்து இன்னொரு ஐபோனுக்கு எயார்ட்ரொப் பண்ணுவது போல, அந்த மூன்று வினாடியும் அவரிடம் போகிறது. வீட்டில் யார் என்ன பேசினார், அட்டைக்கு நேரே போன் வருமுன் எதைக் கடந்து வந்தது, பின்னால் யார் நின்றார், எல்லாம் அதில் உண்டு. அன்ட்ரொய்ட் மோஷன் போட்டோவை "Document" ஆக அனுப்பினாலும் வாலில் இருக்கும் வீடியோ கூடவே போகும். கருவி அதைப் பார்க்காது, ஆனால் ஆள் பார்க்கலாம். நம் பெண் பிள்ளைகளும் உம்மாமாரும் வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் இவை. ஐபோனில் பகிரும்போது படத்தின் மூலையில் "LIVE" என்று தெரிந்தால் அதைத் தொட்டு நிறுத்திவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக, பிறந்த திகதியை வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அது முதல் ஏழு இலக்கத்தை மட்டுமே பிடிக்கும். எங்கள் மாணவியின் இரண்டாவது பிழை பின்னைய ஐந்தில் இருந்ததால் அந்தச் சோதனை அதைக் கண்டிருக்காது. பட்டியல் போடுபவர்கள் முதல் ஏழைக் கணக்கால் பாருங்கள், பின்னைய ஐந்தை அட்டையோடு வைத்து வாசியுங்கள், ஒருவர் சொல்ல ஒருவர் கேட்க. ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் போதும். வேலை முடிந்ததும் பிள்ளைகளின் அட்டைப் படங்களைப் போனிலிருந்தும், கருவியில் ஏற்றிய இடத்திலிருந்தும், குழுவிலிருந்தும் அழித்துவிடுங்கள். ஐபோனில் அழித்தவை "Recently Deleted" என்ற இடத்தில் 30 நாள் வரை கிடக்கும், அங்கேயும் போய் அழிக்க வேண்டும்.

அடுத்த பட்டியலுக்கு அட்டை அனுப்பும் பெற்றோர், லைவ்வை நிறுத்தி, அட்டையை மேசையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே படம் எடுத்து "Document" ஆக அனுப்புங்கள். எடுத்ததும் பெரிதாக்கி 12 இலக்கத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். படத்தில் விரலை வைத்து அசைக்காமல் பாருங்கள்.